‘சரிங்க டாக்டர்’: தேர்வறைக்கு ஒரு நோயாளியைத் தயார் செய்த கதை

மருத்துவ மாணவர்கள் நோயாளியிடம் பேசுவதைச் சோதிக்கும் தேர்வுக்கு வைத்த ஒத்திகையில் முதல் மதிப்பெண் வாங்கிய பையனைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. இருபதுக்குப் பதினெட்டு. உள்ளே வந்தான், வணக்கம் சொன்னான், பேரைச் சொன்னான், "உங்களுக்கு டிபி இருக்கு" என்றான். அப்புறம் மூச்சு விடாமல் ஆறு மாத மாத்திரை, சிறுநீர் நிறம் மாறுவது, இருமும்போது வாயை மூடுவது, சத்தான சாப்பாடு எல்லாவற்றையும் ஒப்பித்தான். "புரிஞ்சுதா?" என்று கேட்டான். எதிரே நோயாளியாக நடிக்க உட்கார்ந்திருந்தவர் "சரிங்க டாக்டர்" என்றார். "வேற ஏதாவது டவுட் இருக்கா?" "இல்லீங்க டாக்டர்." மணி அடித்தது. நானும் என் மதிப்பெண் பட்டியலில் வரிசையாக டிக் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

கீழே கூட்டிப் பார்த்தால் 18. ஆனால் அதே தாளின் அடியில், மொத்தமாக இந்தப் பேச்சு எப்படி இருந்தது என்ற கட்டத்தில், என் கை தானாகவே ‘எல்லைக்கோடு’ என்று எழுதியிருந்தது. அதாவது பாஸா ஃபெயிலா என்று சொல்ல முடியாத நிலை. ஒரே ஆள், ஒரே ஏழு நிமிடம், ஒரே தாளில் இரண்டு தீர்ப்பு. இரண்டில் ஒன்று பொய். பொய் சொன்னது பட்டியல்தான். அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்தப் பதிவுதான் இது.

நான் இருப்பது கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனை. சமவெளியில் உள்ள ஒரு கல்லூரியிலிருந்து மாணவர்கள் சமூக மருத்துவப் பயிற்சிக்கு மேலே வருவார்கள். பயிற்சி முடியும்போது ஒரு சின்னத் தேர்வு வைப்பது என் பொறுப்பு. நோயாளியிடம் பேசுவதையும் சோதிக்க வேண்டும் என்று முடிவானது. 2019-ல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து ‘ஏட்காம்’ என்ற பாடம், அதாவது நடத்தை, அறநெறி, தகவல் தொடர்பு, பாடத்திட்டத்திலேயே வந்துவிட்டது. பாடம் இருந்தால் தேர்வும் வேண்டும்தானே.

இந்த வகைத் தேர்வுக்கு ஆஸ்கி என்று பெயர். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் 1975-ல் எழுதிய கட்டுரையிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. மணி அடிக்க அடிக்க மாணவர்கள் அறை அறையாக நகர்வார்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரு வேலை, ஒரு பட்டியல், எல்லோருக்கும் ஒரே கேள்வி. நோயாளியாக நடிக்க ஆளைப் பழக்குவது அதற்கும் முந்தியது. அமெரிக்காவில் ஹோவர்டு பாரோஸ் 1963-லேயே தொடங்கிவிட்டார். ஆகவே நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. இருந்ததை எடுத்துத் தமிழ் ஆக்கினேன். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

நான் எடுத்துக்கொண்ட சூழல் எளிமையானது. நோயாளி செல்வி, வயது 34, கொழுந்து பறிக்கிறார், எஸ்டேட் லைன் வீட்டில் குடியிருக்கிறார். மூன்று வாரமாக இருமல். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்துவிட்டது. மாணவர் அந்த முடிவைச் சொல்லி, சிகிச்சை தொடங்குவது பற்றிப் பேச வேண்டும். கதவுக்கு வெளியே படிக்க ஒரு நிமிடம், உள்ளே பேச ஏழு நிமிடம், மாறிக்கொள்ள ஒரு நிமிடம். இந்தச் சூழலைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. எங்கள் வெளிநோயாளிப் பிரிவில் மாணவர்கள் நிஜமாகவே சந்திக்கப்போகும் பேச்சு இது. புற்றுநோய் என்று சொல்லும் காட்சியை வைத்தால் எல்லோருமே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சமாளித்துவிடுவார்கள். காசநோய்க்கு மருந்து இருக்கிறது, குணமாகும் என்பதால், ‘பயப்படாதீங்க’ என்று சொல்லித் தப்பித்து ஓட இடம் இருக்கிறது. ஓடுகிறார்களா நிற்கிறார்களா என்றுதான் நான் பார்க்க வேண்டியிருந்தது.

பட்டியலை ஆங்கிலத்திலிருந்து அப்படியே தமிழாக்கியிருந்தேன். முதல் ஒத்திகையிலேயே இரண்டு வரிகள் காலை வாரின. ‘உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று நோயாளியைக் கேட்கிறார்’ என்று ஒரு வரி. ஒரு மாணவி அதை அப்படியே கேட்டாள். "உங்கள எப்படிங்க கூப்பிடணும்?" நடித்தவர் திகைத்துப்போய், "எப்படி வேணா கூப்பிடுங்க டாக்டர்" என்றார். கேட்கவே விநோதமாக இருந்தது. நம்மிடம் உள்ள சிக்கல் அது இல்லையே. எஸ்டேட் ஆள் என்றதும் "ஏம்மா, நீ எத்தனை நாளா இருமுற?" என்று ஒருமையில் இறங்குவதுதான் நம் சிக்கல். அந்த வரியை எடுத்துவிட்டு, ‘கடைசி வரை நீங்க என்றே பேசுகிறார்’ என்று போட்டேன். இரண்டாவது, ‘ஆறுதலாகக் கையையோ தோளையோ தொடுகிறார்’. ஒரு பையன் மதிப்பெண்ணுக்காக மேஜையைத் தாண்டிக் கையை நீட்டினான். நடித்தவர் நாற்காலியோடு பின்னால் போய்விட்டார். அந்த வரியும் போயிற்று.

இவை சுலபமாகச் சரியானவை. கஷ்டம் ‘சரிங்க’ என்ற சொல்லில் இருந்தது.

நம் ஊர் நோயாளி டாக்டரிடம் எதற்கும் ‘சரிங்க’ என்பார். புரிந்தாலும் சரிங்க, புரியாவிட்டாலும் சரிங்க, மாத்திரையை வாங்கிப் போய்ப் பரணில் போடப்போகிறார் என்றாலும் சரிங்க. என் பட்டியலில் ‘நோயாளிக்குப் புரிந்ததா என்று உறுதிசெய்கிறார்’ என்று ஒரு வரி இருந்தது. "புரிஞ்சுதா?" என்று கேட்டவனுக்கெல்லாம் அதில் முழு மதிப்பெண் போய்விட்டது. ‘கவலைகளைக் கேட்டறிகிறார்’ என்ற வரிக்கு "வேற டவுட்?" போதுமானதாக இருந்தது. ‘பரிவு காட்டுகிறார்’ என்ற வரி இன்னும் மோசம். நானும் இன்னொரு டாக்டரும் ஒரே ஆறு மாணவர்களைத் தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போட்டோம். அந்த வரியில் இரண்டு பேருக்குத்தான் எங்கள் மதிப்பெண் ஒத்துப்போனது. அவர் குரலைப் பார்த்திருக்கிறார், நான் முகத்தைப் பார்த்திருக்கிறேன். பரிவு என்பது கண்ணுக்குத் தெரியும் செயல் இல்லை. அதை எழுதிவிட்டு மதிப்பெண் போடச் சொன்னால் ஆளுக்கொரு பரிவுதான் கிடைக்கும்.

ஆனால் பட்டியலை மட்டும் திருத்தினால் போதாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. நோயாளி எப்போது மனம் திறப்பார், எப்போது மூடிக்கொள்வார் என்று நடிப்பவருக்குத் தெளிவாக இல்லாவிட்டால், பட்டியல் எவ்வளவு நுணுக்கமாக இருந்தும் பயனில்லை. மாணவர் நன்றாகக் கேட்டதால் விஷயம் வெளியே வந்ததா, நடிப்பவர் தானாகக் கொட்டிவிட்டாரா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

நடிக்க முதலில் ஒரு நாடகக்காரரை அழைத்து வந்தோம். ஆண் என்பதால் செல்வி அன்று செல்வம் ஆனார். நன்றாகவே நடித்தார், அதுதான் தொந்தரவு. முதல் மாணவருக்குக் கண் கலங்கினார், மூன்றாவது ஆளுக்குக் கண்ணீர் வழிந்தது, ஐந்தாவது ஆளிடம் மேஜையில் தலையை முட்டிக்கொண்டார். கேள்வித்தாள் ஒவ்வோர் ஆளுக்கும் கடினமாகிக்கொண்டே போனது மாதிரி. அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, மகளிர் குழுவிலிருந்து இரண்டு அக்காமார்களைக் கேட்டோம். இருவருமே பல வருடம் கொழுந்து பறித்தவர்கள். நடிப்பு என்று எதுவும் தெரியாது. அது வசதியாகப் போயிற்று.

பயிற்சிக்கு முன் ஒன்று தனியாகக் கேட்டுக்கொண்டேன், "உங்க வீட்டுல யாருக்காவது இந்த நோய் வந்திருக்காக்கா?" முதலில் வருவதாகச் சொல்லியிருந்த இன்னோர் அக்கா, அண்ணனுக்கு வந்தது, சின்ன வயதிலேயே போய்விட்டார் என்றார். அவரை இந்தக் காட்சியில் உட்காரவைக்கவில்லை. ஒரே நாளில் பன்னிரண்டு முறை "உங்களுக்கு டிபி" என்று கேட்கும் வேலை அது. இதைக் கேட்காமல் ஆள் சேர்க்கக் கூடாது.

முதல் எழுத்துக் குறிப்பில் செல்வியின் கதையை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். கல்யாணம், பிரசவம், கணவரின் வேலை எல்லாம் இருந்தது. ஒளித்துவைத்த கவலை கடைசிப் பத்தியில். செல்விக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அவரோடுதான் படுத்துத் தூங்கும். நோய் என்று தெரிந்தால் மாமியார் குழந்தையைப் பிரித்துத் தன் ஊருக்குக் கூட்டிப்போய்விடுவார் என்பது பயம். அக்கா படித்தார், தலையாட்டினார். சரிங்க சார் என்றார். (ஆமாம், என்னிடமும் அதே சொல்தான்.)

ஒத்திகையில் பார்த்தால், பாதிப் பேருக்கு அவர் அந்தக் கவலையை இரண்டாவது நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். கேட்டால், "பாவம் சார் அந்தப் புள்ள, வேர்த்து விறுவிறுத்துப் போச்சு. நானே சொல்லிட்டேன்" என்றார். பதறுகிற மாணவரைப் பார்த்தால் அவருக்கு மனம் தாங்கவில்லை. தைரியமாகப் பேசுகிற ஆளுக்கோ ஒன்றும் சொல்லவில்லை, ‘அதுக்குத்தான் எல்லாம் தெரியுதே’ என்று.

ஒருத்தருக்கு உதவினால் மற்றவருக்கு அநியாயம் ஆகிவிடும் என்று நான் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நடுவில் நிறுத்தினார். "தராச மாத்தி மாத்தி நிறுக்கக் கூடாதுங்கிறீங்க. அவ்வளவுதானே?" மழை நாளில் கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கு எடை கழிப்பார்கள். ஒருத்தர் கூடைக்கு ஒரு கிலோ, இன்னொருத்தர் கூடைக்கு மூன்று கிலோ என்று கழித்தால் எப்படி இருக்கும் என்று அவரே விளக்கினார். அதற்குப் பிறகு எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. குறிப்பைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

கதையை ஐந்து வரியாகச் சுருக்கினேன். மீதியெல்லாம் ‘அவர் இப்படிச் செய்தால் நீங்கள் இப்படி’ என்று எழுதினேன். கடைசியாக நின்ற வடிவத்தின் முக்கியமான பகுதி இது:

உட்கார்ந்ததும் நீங்களாகச் சொல்வது ஒன்றே ஒன்று: "சளி டெஸ்ட்டு ரிசல்ட்டு பாக்க வரச் சொன்னாங்க டாக்டர்."

முடிவைச் சொல்லும் முன் ‘உங்களுக்கு என்னன்னு தோணுது’ என்று கேட்டால்: "பனியில நின்னு நின்னு நெஞ்சுச் சளி ஆயிருக்கும்னு நெனச்சேன்."

டிபி என்று சொன்னதும்: "டிபியா…" என்று மட்டும் சொல்லுங்கள். குனிந்து கையைப் பாருங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அழ வேண்டாம்.

அதற்குள் அவர் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டால்: இனி அவர் சொல்வதற்கெல்லாம் "சரிங்க டாக்டர்." இங்கிலீஷ் வார்த்தை வந்தாலும் அர்த்தம் கேட்காதீர்கள். "சரிங்க."

அவர் பேசாமல் இருந்தால், அல்லது ‘என்ன யோசிக்கிறீங்க’, ‘மனசுல என்ன ஓடுது’ என்று கேட்டால்: "பாப்பா என்கூடத்தான் படுக்கும் டாக்டர்." அதோடு நிறுத்துங்கள்.

அதைப் பிடித்து மேலே கேட்டால் மட்டும்: மாமியார் விஷயம்.

‘வேற டவுட் இருக்கா’, ‘பயப்படாதீங்க, சரியா’ என்றால்: "இல்லீங்க."

ஒரு நிமிடம் இருக்கு என்று மணி அடித்ததும், பாப்பா பேச்சு அதுவரை வராமல் இருந்தால், எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு தடவை: "பாப்பாவுக்கு மூணு வயசுதான் ஆகுது…" அப்புறம் அமைதி.

கடைசி வரியைப் பற்றி எங்களுக்குள் சண்டையே நடந்தது. ஏன் இனாமாகக் கொடுக்க வேண்டும் என்றார் என்னோடு மதிப்பெண் போட்ட டாக்டர். நிஜ நோயாளியும் எழுந்து போகும்போது கதவருகே நின்று ஒரு வார்த்தை சொல்வார், இல்லையா? அதைக் காதில் வாங்குவதும் ஒரு திறமை. தவிர, அந்தப் பேச்சு வராமலே போனவருக்கு பட்டியலில் அதைச் சார்ந்த வரிகளில் மதிப்பெண் பெற வாய்ப்பே இல்லாமல் போய்விடும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில், ஒரே சொல்லில் கிடைத்தால் அது இனாம் இல்லை. வைத்துக்கொண்டோம்.

இன்னொரு மாற்றம் கதவுக்கு வெளியே இருக்கும் அட்டையில். முதலில் அதில் இரண்டு வரிதான் எழுதியிருந்தேன். அதனால் மருந்து விவரம் நினைவில்லாத மாணவர்கள் உள்ளே வந்து தடுமாறினார்கள். அந்தத் தடுமாற்றம் பேச்சுத் திறன் குறைவு மாதிரியே வெளியில் தெரிந்தது. நான் சோதிக்க நினைத்தது மருந்தியலை இல்லை. ஆகவே வேண்டிய உண்மைகளை அட்டையிலேயே கொடுத்துவிட்டேன். தினமும் மாத்திரை, ஆறு மாதம்; சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், அது மருந்தால்தான்; தொடங்கிச் சில வாரத்தில் மற்றவருக்குப் பரவுவது வெகுவாகக் குறையும்; இருமல் காற்றில் பரவும், தட்டு டம்ளரால் இல்லை; வீட்டில் உள்ளவர்களைப் பரிசோதிக்க வேண்டும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நோய் இல்லையென்று பார்த்துவிட்டுத் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். அதே அட்டை உள்ளே மேஜையிலும் இருக்கும். இப்போது தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் மிச்சம்.

பிறகுதான் பட்டியலுக்கு வந்தேன். ஒவ்வொரு வரிக்கும் 0, 1, 2. ஒன்பது வரி என்னிடம், ஒரு வரி அக்காவிடம், ஆக 20.

பேரும் யார் என்பதும் சொல்கிறார். கடைசி வரை ‘நீங்க’.
முடிவைச் சொல்லும் முன் நோயாளி என்ன நினைக்கிறார் என்று கேட்கிறார்.
‘டிபி’ அல்லது ‘காசநோய்’ என்ற சொல்லை நேராகச் சொல்கிறார்.
சொன்னபின், நோயாளி பேசும்வரை நிறுத்துகிறார்.
கவலையைத் திறந்த கேள்வியாகக் கேட்கிறார்.
குழந்தை விஷயத்தைப் பிடித்து, அதற்குப் பதில் சொல்கிறார்.
சிகிச்சையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, நோயாளிக்குத் தெரிந்த சொல்லில் சொல்கிறார்.
வீட்டில் யாரிடம் சொல்லப்போகிறார், எப்படி என்று பேசுகிறார்.
புரிந்ததை நோயாளி வாயாலேயே சொல்லவைக்கிறார்.
அக்காவின் வரி: இவரிடம் மறுபடியும் வருவேனா?

மூன்றாவது வரி சும்மா வரவில்லை. "நுரையீரல்ல ஒரு சின்ன இன்ஃபெக்‌ஷன் மாதிரி இருக்கு" என்று தொடங்கி, ஏழு நிமிடமும் நோயின் பெயரையே சொல்லாமல் வெளியே போன மாணவி ஒருத்தி ஒத்திகையில் இருந்தாள். அன்பான பெண். ஆனால் செல்வி எதற்காக ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றே தெரியாமல் வீட்டுக்குப் போயிருப்பார்.

‘பரிவு’ போன இடத்தில்தான் நான்காவது வரி வந்தது. 2 என்றால்: அக்கா தலையைத் தூக்கிப் பேசும்வரை மாணவர் பேசவில்லை, அல்லது "அதிர்ச்சியா இருக்கா?" என்பது போல அவர் மனநிலையைத் தொட்டு ஒரு வாக்கியம் மட்டும் சொன்னார். 1 என்றால்: நிறுத்தினார், ஆனால் "பயப்படாதீங்க, குணமாயிடும்" என்று சொல்லிக்கொண்டு தொடர்ந்துவிட்டார். 0 என்றால் நிறுத்தவே இல்லை. அதே ஆறு பேர் மாதிரி இன்னோர் ஆறு பேரை வைத்து இருவரும் மறுபடி மதிப்பெண் போட்டோம். இந்த வரியில் ஐந்து பேருக்கு ஒத்துப்போனது.

ஒன்பதாவது வரிக்கு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் இப்போது 0. "எல்லாம் ஒரு தடவை சொல்லுங்க பாப்போம்" என்று வாத்தியார் மாதிரி கேட்டால் 1. அக்கா அந்தக் கேள்விக்கு மிரண்டுபோய் "ஆறு மாசம்… மாத்திரை…" என்று இழுப்பார், குறிப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். 2 வாங்கியவர்கள் கேட்ட விதம் வேறு. ஒரு மாணவி கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னாங்கன்னு கேப்பாருல்ல? என்ன சொல்லுவீங்க?" அக்கா உடனே, "டிபியாம், ஆறு மாசம் மாத்திரை போட்டா சரியாயிடுமாம், பாப்பாவையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றார். மூன்று விஷயமும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அந்த ஒரு பதிலில் தெரிந்துவிட்டது.

தேர்வு நாள் ஜூலையில் வந்தது. மாணவர்கள் 24 பேர். இரண்டு அறை, இரண்டு அக்கா, அறைக்குப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒன்பது நிமிடம் என்றால் ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம். ஆறாவது ஆளுக்குப் பிறகு பத்து நிமிட இடைவெளியும் டீயும். இடைவெளி இல்லாவிட்டால் எட்டாவது ஆளுக்குமேல் அக்காவின் ‘டிபியா…’ வெறும் வசனமாகிவிடும் என்பதை ஒத்திகையில் பார்த்திருந்தோம். காலையில் தேர்வுக்கு முன் இரண்டு அக்காமார்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, நானே மாணவனாக ஒரு தடவை பேசிப் பார்த்தேன். ஒருவர் ஐந்து எண்ணினார், இன்னொருவர் பத்து எண்ணினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிப் பழகினார்கள்.

நாங்கள் யோசிக்காதது மழை. இரண்டாவது அறைக்குத் தகரக் கூரை. ஒன்பதரை மணிக்குப் பிடித்த மழையில் மாணவர் கத்திப் பேச வேண்டியிருந்தது. நோய் முடிவைக் கத்திச் சொல்வது எப்படியிருக்கும்? மௌனம் என்பதே அந்த அறையில் இல்லை. இரண்டு பேர் முடிந்ததும் நிறுத்தி, மருந்து வைக்கும் அறையைக் காலி செய்து மாற்றினோம். அந்த இரண்டு பேருக்கும் கடைசியில் மறுபடி தேர்வு வைத்தோம். முதல் தாளைக் கணக்கில் எடுக்கவில்லை. நடுவில் கரண்ட் போய் மின்சார மணி நின்றது. பூஜை மணியை எடுத்து நர்ஸ் அக்கா வராந்தாவில் அடித்தார். வெளியே ஒட்டிய அட்டையில் மஞ்சில் மை கரைந்துவிட்டது. அடுத்த முறை லேமினேட் செய்ய வேண்டும்.

தேர்வாளர் எங்கே உட்கார்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மேஜையின் பக்கவாட்டிலேயே இருந்தேன். மாணவர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என் முகத்தைப் பார்த்தார்கள், என்னை அறியாமல் நானும் தலையாட்டியிருக்கிறேன். பிறகு மாணவரின் முதுகுக்குப் பின்னால், சற்று ஓரமாக, அக்காவின் முகமும் மாணவரின் பாதி முகமும் தெரிகிற மூலைக்கு நாற்காலியை மாற்றினேன்.

மதிப்பெண்ணைக் கூட்டியபின் பாஸ் எது என்று கேள்வி வந்தது. 50 சதவீதம் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பட்டியல் கடினமானதா சுலபமானதா என்பது அதில் சேராது. அதனால்தான் ஒவ்வொரு தாளிலும் மொத்தப் பார்வையை 1 முதல் 5 வரை தனியாகக் குறித்திருந்தோம். 1 தேறவில்லை, 2 எல்லைக்கோடு, 3 தேறியது, 4 நன்று, 5 மிக நன்று. அந்த எண்ணோடு பட்டியல் மதிப்பெண்ணை வைத்து ஒரு நேர்கோடு போட்டு, ‘2’ என்ற இடத்தில் கோடு எந்த மதிப்பெண்ணைத் தொடுகிறதோ அதைத் தேர்ச்சிக் கோடாக எடுப்பது வழக்கம். விரிதாளில் ஒரே வரிதான். B-யில் மொத்தப் பார்வை, C-யில் பட்டியல் மதிப்பெண்:

```
=FORECAST(2, C2:C25, B2:B25)
```

எங்கள் 24 பேரில் 1 வாங்கியவர்கள் இருவர், சராசரி 6. எல்லைக்கோட்டில் நான்கு பேர், சராசரி 9.5. தேறியவர்கள் பத்துப் பேர், சராசரி 12.2. நன்று ஆறு பேர், 15. மிக நன்று இருவர், 17.5. கோடு 2-ல் தொட்டது 9.3. மதிப்பெண் முழு எண் என்பதால் பாஸ் 10. இத்தனை வேலைக்கும் பிறகு பழைய 50 சதவீதத்துக்கே வந்து நின்றோம் என்று டாக்டர் சிரித்தார். சிரிக்கட்டும். எனக்கு அதைவிட முக்கியமானது சராசரிகள் படிப்படியாக ஏறுவதுதான். முதல் ஒத்திகையில் 18 வாங்கியவன் எல்லைக்கோட்டில் நின்றானே, அந்த மாதிரி ஆள் இந்த முறை ஒருவர்கூட இல்லை. பட்டியலும் மொத்தப் பார்வையும் ஒன்றையொன்று பொய்யாக்கினால், மாணவரைத் திருத்தும் முன் பட்டியலைத் திருத்த வேண்டும். 24 பேர், ஒரே ஒரு காட்சி என்பதால் இந்த 9.3-ஐ நான் கல்வெட்டாக நினைக்கவில்லை. ஒருவர் காசநோயைப் பற்றி நன்றாகப் பேசிவிட்டுக் கருத்தடை பற்றிப் பேசத் திணறலாம். ஒரு காட்சியை மட்டும் வைத்து யாரையும் நிறுத்திவைக்கவில்லை. பத்துக்குக் கீழே வந்தவர்களை மறுநாள் அக்காவோடு மறுபடி உட்காரவைத்தோம், மதிப்பெண் இல்லாமல்.

எனக்குத் தீராத ஒரு தாள் மட்டும் இருந்தது. ஒரு பையன் "உங்களுக்குக் காசநோய் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு நிறுத்தினான். அக்கா குனிந்தார். ஐந்து எண்ணி நிமிர்ந்தார். பையன் இன்னும் பேசவில்லை. அவரும் குறிப்பில் உள்ளபடி, "பாப்பா என்கூடத்தான் படுக்கும் டாக்டர்" என்றார். என் கடிகாரத்தில் பதினோரு நொடி. பிறகு அவன் திடுக்கிட்ட மாதிரி மாத்திரை பற்றி ஆரம்பித்தான். நான்காவது வரியின்படி ‘நோயாளி பேசும்வரை நிறுத்துகிறார்’ என்று 2 போட வேண்டும். நானும் போட்டுவிட்டேன். ஆனால் காத்திருந்தானா, அடுத்து என்ன சொல்வது என்று மறந்துபோய் உறைந்து நின்றானா?

சாயங்காலம் டீ குடிக்கும்போது அக்காவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "அந்தத் தம்பி அட்டையைத்தான் சார் பாத்துட்டிருந்துச்சு. என்னையப் பாக்கவே இல்ல."

அந்தத் தாளில் நான்காவது வரியை 1 ஆக்கினேன். மொத்தம் 11-லிருந்து 10 ஆனதால் அவன் தேர்ச்சியில் மாற்றமில்லை, மேலே கொடுத்த கணக்கும் திருத்தியபின் போட்டதுதான். பட்டியலின் அடுத்த பதிப்பில் அந்த வரி இப்படி இருக்கிறது: ‘சொன்னபின், நோயாளி பேசும்வரை, அவர் முகத்தைப் பார்த்தபடி நிறுத்துகிறார்.’